60 முறை உருட்டினோம், 6 நான்கு தடவைதான் வந்தது

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். பத்துக் குழு, குழுவுக்கு ஒரு பகடை, 60 உருட்டல். ஒவ்வொரு எண்ணும் 10 முறை வரும் என்று முதலிலேயே பலகையில் எழுதி வைத்தோம். ஒரு குழுவுக்கு 1 முதல் 6 வரை வரிசையாக 9, 11, 16, 12, 8, 4 என்று வந்தது. “பகடை தப்பா சார், கணக்கு தப்பா?” என்று கேட்கிறார்கள். நாணயத்தை 100 முறை சுண்டியதிலும் ஒரு குழுவுக்குக்கூடச் சரியாக 50 தலை வரவில்லை. என்ன சொல்வது?

பதில்:

பகடை தப்பு என்று சொல்ல இந்த 60 உருட்டல் போதாது. கணக்கும் தப்பில்லை. திருத்த வேண்டியது பலகையில் எழுதிய அந்த ஒரு வரியைத்தான். “ஒவ்வொரு எண்ணும் 10 முறை வரும்” என்று நிகழ்தகவு சொல்லவே இல்லை. இதே 60 உருட்டலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே போனால் ஒவ்வொரு எண்ணின் எண்ணிக்கையும் சராசரியாக 10 இருக்கும் என்றுதான் அது சொல்கிறது. இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், ஆனால் வெகு தூரம் விலகியவை. ஆறு எண்களும் ஆளுக்குப் பத்தாக வந்து உட்காருவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 13,400-ல் ஒன்று வரும். நாள்தோறும், ஞாயிறுகூட விடாமல், ஒரு தடவை 60 உருட்டினாலும் சராசரியாக சுமார் 37 ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்த அட்டவணையைப் பார்க்க முடியும். ஆகவே ஏதாவது ஒரு குழு 10, 10, 10, 10, 10, 10 என்று கொண்டுவந்தால் அந்தக் குழுவைத்தான் நான் பக்கத்தில் அழைத்துக் கேட்பேன்.

பிள்ளைகள் எழுத வேண்டிய முன்கணிப்பு ஒற்றை எண்ணாக இல்லாமல் ஓர் எல்லையாக இருக்க வேண்டும். 60 உருட்டலில் 6 எத்தனை முறை வரும் என்பதற்குச் சராசரி 10. அதிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதற்கு 60 × 1/6 × 5/6 என்று பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 8.33-இன் வர்க்கமூலம், சுமார் 2.9. இதுதான் திட்டவிலக்கம். அதை இரட்டித்து இரண்டு பக்கமும் வைத்தால் 5 முதல் 15 வரை என்று ஓர் எல்லை கிடைக்கும். நேர்மையான பகடையில் இருபதுக்குப் பத்தொன்பது தடவை எண்ணிக்கை இந்த எல்லைக்குள் விழும்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்தச் சூத்திரம் தேவையில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தால் போதும். பலகையில் 0 முதல் 20 வரை ஓர் எண்கோடு போடுங்கள். ஒவ்வொரு குழுவும் வந்து தனக்கு 6 எத்தனை முறை வந்ததோ அந்த எண்ணுக்கு மேல் ஒரு புள்ளி வைக்கட்டும். பத்துப் புள்ளிகளும் 10-ஐச் சுற்றிச் சிதறி நிற்கும். சரியாக 10-இன் மேல் ஒன்றோ இரண்டோ நிற்கலாம், ஒன்றுமே நிற்காமலும் போகலாம். இந்தச் சிதறலைப் பார்த்த பிறகுதான் “10 வரும்” என்பதற்கும் “சராசரியாக 10” என்பதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் பிடிபடும். ஒரே குழுவின் அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு விளக்கினாலும் அது ஏறாது.

இப்போது உங்கள் குழுவுக்கு வருவோம். 4-ம் 16-ம் அந்த எல்லைக்கு ஓரடி வெளியே நிற்கின்றனவே என்று கேட்பீர்கள். உருட்டுவதற்கு முன்பே “இந்தப் பகடையில் 6 குறைவாக வரும்” என்று ஒருவன் சொல்லியிருந்து, பிறகு நான்கோ அதற்குக் குறைவாகவோ வந்திருந்தால், அது ஐம்பதில் ஒரு தடவை நடக்கிற காரியம். நானும் புருவம் உயர்த்துவேன். ஆனால் இங்கே நடந்தது அதுவல்ல. பத்துக் குழு, குழுவுக்கு ஆறு எண், மொத்தம் 60 எண்ணிக்கைகள் உங்கள் முன் இருந்தன. அவற்றில் எது துருத்திக்கொண்டு நின்றதோ அதைப் பார்த்துவிட்டுத்தான் கேள்வியே பிறந்தது. இருபதில் ஒன்று எல்லை தாண்டும் என்றால் 60-ல் மூன்று தாண்டும். எல்லாப் பகடையும் நேர்மையாக இருந்தாலும் தாண்டும். உங்கள் வகுப்பில் ஒரு குழுவில் இரண்டு எண்கள் எல்லை தாண்டியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆறு எண்களையும் ஒன்றாக எடைபோட ஒரு வழி உண்டு. கை-வர்க்கச் சோதனை என்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லை, ஆசிரியர் கையில் இருந்தால் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் வந்ததற்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 9-க்கு 1, 11-க்கு 1, 16-க்கு 36, 12-க்கு 4, 8-க்கு 4, 4-க்கு 36. கூட்டினால் 82. எதிர்பார்த்த 10-ஆல் வகுத்தால் 8.2. ஆறு முகப் பகடைக்கு இந்த விடை 11.07-ஐத் தாண்டுவது இருபதில் ஒரு தடவை. 8.2 அளவுக்கோ அதற்கு மேலோ போவது ஏழில் ஒரு தடவை. பத்துக் குழு உருட்டினால் ஒன்றோ இரண்டோ குழுவுக்கு இப்படி வரத்தான் செய்யும். அந்தக் குழுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

“அப்படியானால் பகடை தப்பாக இருந்தால் எப்படித்தான் தெரியும்?” என்று அடுத்து கேட்பார்கள். அருமையான கேள்வி. அந்தப் பாடவேளையை இதற்கே கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அதே பகடையை எடுத்து மறுபடி 300 முறை உருட்டச் சொல்லுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு 60. பழைய 60-ஐ இதோடு சேர்க்கக் கூடாது. சந்தேகமே அதிலிருந்து வந்ததால், அதையே சாட்சியாகவும் நிறுத்த முடியாது. உருட்டுவதற்கு முன் பலகையில் எழுதுங்கள்: “6 குறைவாக வருகிறதா என்று பார்க்கிறோம். நேர்மையான பகடை என்றால் 37 முதல் 63-க்குள் வர வேண்டும்.” 300-க்குச் சராசரி 50, இரண்டு திட்டவிலக்கம் 13, அதனால்தான் அந்த எல்லை. பழையபடி 60-க்கு 4 என்ற விகிதத்திலேயே வந்தால் 300-க்கு 20 வரும், குறை அப்பட்டமாகத் தெரிந்துவிடும். 45 வந்தால் அந்த 4 தற்செயல் என்று பகடையை விட்டுவிடலாம்.

இந்தச் சோதனைக்கும் எட்டாத குறை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சூரிச்சில் இருந்த ருடால்ஃப் வொல்ஃப் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகளை எண்ணும் முறைக்குப் பேர்போனவர், பகடைகளை 20,000 முறை உருட்டி எழுதி வைத்தார். அவற்றில் ஒரு பகடையின் கணக்கு, 1 முதல் 6 வரை: 3246, 3449, 2897, 2841, 3635, 3932. ஒவ்வொன்றும் 3333-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். திட்டவிலக்கம் 53-தான். 6 மட்டும் 599 கூடுதல். நேர்மையான பகடை இப்படிச் செய்யவே செய்யாது. இந்தக் கணக்கைப் பின்னாளில் அலசிய இயற்பியலாளர் எட்வின் ஜெய்ன்ஸ் அதிலிருந்து பகடையின் உருவத்தையே கண்டுபிடித்துச் சொன்னார். 3-ம் 4-ம் எதிரெதிர் முகங்கள், இரண்டும் சேர்ந்தாற்போல் குறைந்திருக்கின்றன. அப்படியென்றால் அந்தத் திசையில் பகடை கொஞ்சம் நீண்டிருக்கிறது. தீப்பெட்டியை உருட்டிப் போட்டால் அது நெட்டுக்குத்தலாக நிற்பது அரிது அல்லவா, அதே காரணம்தான். அடுத்து, 6 அதன் எதிர்முகமான 1-ஐவிடவும், 5 அதன் எதிர்முகமான 2-ஐவிடவும் அதிகம். புள்ளிகளைக் குழி தோண்டி வைத்த பகடையில் ஆறு குழி விழுந்த பக்கம் எடை குறைந்து மேலே திரும்பப் பார்க்கும்.

இதை வகுப்பில் சொல்லிவிட்டு வெர்னியர் அளவியைக் கையில் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் அதைப் படிக்கிறார்கள். பகடையின் மூன்று திசைகளையும் அளந்து பார்க்கட்டும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பகடையில் குழிகள் விரல் நுனிக்கே தட்டுப்படும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வொல்ஃபின் அந்தக் கோணல் பகடை உங்கள் குழுவின் கையில் இருந்திருந்தால் 60 உருட்டலில் 6 சராசரியாக எத்தனை முறை வந்திருக்கும்? 12-தான். 3 வந்திருப்பது 9-ஐ ஒட்டி. யாருக்கும் சந்தேகமே எழாது. 20,000 உருட்டலில் பளிச்சென்று தெரிகிற குறை 60-ல் சுவடில்லாமல் ஒளிந்துகொள்ளும். 300-ல்கூட 59, எல்லைக்குள்தான். 2,400 உருட்டினால் எல்லை 363 முதல் 437, இந்தப் பகடையோ 472-ஐ ஒட்டிக் காட்டும். அப்போதுதான் பிடிபடும். ஆகவே 60 உருட்டலின் முடிவில் பிள்ளைகள் எழுத வேண்டிய வாக்கியம் “பகடை நேர்மையானது” என்பதல்ல. “60 உருட்டலில் கோளாறு எதுவும் தென்படவில்லை” என்பதுதான்.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று. உருட்டல் அதிகம் வேண்டும் என்பதால் பத்துக் குழுவின் கணக்கையும் கூட்டி 600 ஆக்கிவிடுவார்கள். 60-லிருந்து 600-க்குப் போகும்போது விகிதம் 1/6-ஐ நெருங்குவதைக் காட்ட அது சரி. பகடையைச் சோதிக்க அது உதவாது, ஏனென்றால் பத்தும் வெவ்வேறு பகடைகள். ஒன்றில் 6 கூடுதல், மற்றொன்றில் குறைவு என்றிருந்தால் கூட்டியதும் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். ஒரு பகடையைச் சோதிக்க வேண்டுமென்றால் அந்த ஒரே பகடை பத்துக் குழுவுக்கும் கைமாறிப் போக வேண்டும்.

நாணயத்துக்கு வருகிறேன். 100 சுண்டலில் சரியாக 50 தலை விழ வாய்ப்பு 8 சதவீதம்தான். பத்துக் குழுவில் ஒருவருக்கும் 50 வராமல் போவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி நடக்கும். நாணயத்துக்கு எல்லை போடுவது மனக்கணக்கிலேயே முடியும்: சுண்டல் எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் எல்லை. 100 என்றால் 50-லிருந்து 10 இப்படி அப்படி. 400 என்றால் 200-லிருந்து 20. 10,000 என்றால் 5,000-லிருந்து 100.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். 10, 20, 100 என்று விலகல் ஏறிக்கொண்டே போகிறது. அதையே சதவீதமாக்கினால் 10, 5, 1 என்று இறங்குகிறது. பாடத்தில் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தடுமாறும் இடம் இதுதான். “நிறையச் சுண்டினால் தலையும் பூவும் சமமாகிவிடும்” என்று நாமே வகுப்பில் சொல்லிவிடுகிறோம். சமமாவது விகிதம். எண்ணிக்கையின் இடைவெளி பெரும்பாலும் அகன்றுகொண்டே போகும்.

இதற்கு மெய்யான கணக்கு ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கற்பித்துவந்த ஜான் கெரிச் என்ற கணிதர் 1940-இல் டென்மார்க்கில் இருந்தபோது ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்துவிட, தடுப்பு முகாமில் மாட்டிக்கொண்டார். அங்கே ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி எழுதி வைத்தார். 100 சுண்டலில் தலை 44, பாதிக்கு 6 குறைவு. 1,000-ல் 502, பாதிக்கு 2 கூடுதல். 2,000-ல் 1,013, கூடுதல் 13. 5,000-ல் 2,533, கூடுதல் 33. 10,000-ல் 5,067, கூடுதல் 67. சதவீதமோ 44-லிருந்து 50.67-க்கு வந்து நிற்கிறது.

முதல் 100-ல் ஆறு தலை குறைந்தது, அடுத்த 900-ல் 458 தலை விழுந்தது என்பதைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு பிள்ளை, “நாணயம் கடனை அடைத்துவிட்டது சார்” என்று சொல்லும். சொல்ல விடுங்கள். பிறகு அடுத்த வரிகளைக் காட்டுங்கள். கடனை அடைப்பதுதான் நாணயத்தின் நோக்கம் என்றால் சமன் ஆனதும் நின்றிருக்க வேண்டும். அதுவோ தலைப்பக்கம் விலகி, கடைசியில் 67 கூடுதலில் போய் நின்றது. முதல் 100-ல் இருந்த குறையை யாரும் ஈடுகட்டவில்லை. 10,000-க்கு நடுவே அந்த ஆறு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோனது, அவ்வளவுதான். ஐந்து முறை தொடர்ந்து பூ விழுந்த பிறகு “இனி தலைதான்” என்று பந்தயம் கட்டுகிறவனுக்கும் இதுவேதான் பதில்.

சோதனை செய்யும் விதத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பெஞ்சிலிருந்து கீழே விழுந்த பகடை செல்லுமா செல்லாதா என்பதை முதல் உருட்டலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். விழுந்ததைப் பார்த்துவிட்டு “இது செல்லாது” என்று சொல்ல விட்டால், பிடித்த எண்ணுக்குத் தலையசைப்பும் பிடிக்காத எண்ணுக்கு மறு உருட்டலும் தானாக நடக்கும். உள்ளங்கையிலிருந்து வழுக்கி விடுவதைவிட டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பது நல்லது. நாணயத்தில் சுண்டும்போது மேலே இருந்த பக்கமே மேலாக விழும் சாய்வு கொஞ்சம் உண்டு. பெர்சி டயக்கோனிஸ் குழுவினர் 2007-இல் அது ஏறத்தாழ 51 சதவீதம் இருக்கும் என்று கணித்தார்கள். 2023-இல் ஃப்ரான்டிஷெக் பார்டோஷும் கூட்டாளிகளும் 3,50,757 முறை சுண்டிக் கையில் பிடித்துப் பார்த்ததில் 50.8 சதவீதம் வந்தது. 100 சுண்டலில் இது தெரியாது, ஆனாலும் எப்போதும் தலையை மேலே வைத்தே தொடங்க வேண்டாம்.

இன்னொன்று, முடிவுகளை நேரே நேர்க்கோட்டுக் குறிகளாகப் போட விடாதீர்கள். முதலில் விழுந்த வரிசைப்படி த, பூ, பூ, த என்று எழுதட்டும், அதன் பிறகு எண்ணிக் குறி போடட்டும். ஒன்று, நடுவில் ஒன்று விட்டுப்போனால் கண்டுபிடிக்கலாம். மற்றொன்று, குறிகளில் வரிசை தொலைந்துபோகும், அந்த வரிசையில்தான் சுண்டாமலே எழுதியது தெரியும். மெய்யாகச் சுண்டிய 100-ல் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறோ அதற்கு மேலோ விழும் இடம் பத்தில் எட்டுத் தடவை இருக்கும். மனதால் எழுதுகிறவர் மூன்று நான்கு தலை வந்ததும் கை கூசி ஒரு பூ போட்டுவிடுவார். பாதி வகுப்பைச் சுண்டியும் பாதி வகுப்பைக் கற்பனையாகவும் எழுதச் சொல்லி, தாளை வாங்கி மிக நீண்ட தொடரை மட்டும் பார்த்து எது எதுவென்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு அசந்துபோகும், பிறகு காரணத்தை அவர்களே கேட்பார்கள்.

கடைசியாக, நேரம் இருந்தால் ஒரு புளியங்கொட்டைச் சோதனையும் செய்யுங்கள். தாயம் ஆடப் பாட்டிமார் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளையாக்குவார்களே, அந்தக் கொட்டை. வெள்ளை, கறுப்பு என்று இரண்டே முகம். வெள்ளை விழ என்ன வாய்ப்பு என்று கேட்டால் வகுப்பு ஒரே குரலில் “1/2” என்று சொல்லும், ஏனென்றால் நாணயத்தில் அப்படித்தான் படித்தார்கள். எழுதி வைத்துவிட்டு 100 முறை போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. இரண்டு முகம் இருப்பதாலேயே பாதிப் பாதி ஆகிவிடாது, இரண்டும் ஒத்த முகமாக இருக்க வேண்டும். 50-லிருந்து 10-க்கு மேல் விலகினால், இதே எல்லைக் கோட்டை வைத்து அவர்களே “1/2 என்ற ஊகம்தான் தப்பு” என்று சொல்லட்டும். அந்தக் கொட்டைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல எந்தச் சூத்திரமும் கிடையாது. வேறொரு கொட்டை எடுத்தால் விடையும் மாறும். பாடநூல் பட்டறி நிகழ்தகவு என்று சொல்வது அங்கே ஒன்றுதான் வழி: போட்டுப் பார்த்து எண்ண வேண்டும்.